மீன் நெளிகிறது, விற்கத்தான் முடியவில்லை

கல்லடியில் நினைவுப்பொருள் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் "பாடுமீன் சாவிக்கொத்து நாற்பது வேணும் தம்பி" என்று சொல்லி மூன்று கிழமை ஆகிறது. மூட்டு மூட்டாக அசையும் மீன் மாடல் ஒன்றை இறக்கி, வாலை மட்டும் மாற்றி, 3D பிரிண்டரில் ஆறு அடித்தும் பார்த்துவிட்டேன். அழகாக நெளிகிறது. ஆனால் ஒன்றைக்கூட கடைக்குக் கொடுக்கவில்லை.

மாடல் பக்கத்தில் Creative Commons லைசன்ஸ், CC BY என்றுதான் இருந்தது. அதாவது செய்தவர் பெயரைப் போட்டால் விற்கலாம். அட்டையில் பெயரைக்கூட அச்சடித்துவிட்டேன். அப்புறம்தான் பக்கத்தின் அடியில் 'Remix of' என்ற வரி கண்ணில் பட்டது. அதை அமத்தினால் இன்னொரு ரீமிக்ஸ். அதற்கும் மேலே போனால்தான் மூலம், அங்கே CC BY-NC-SA. NC என்றால் வியாபாரம் கூடாது. நடுவில் இருப்பவர் தான் சேர்த்த வேலைக்குத்தான் அனுமதி தரலாம். அவர் BY என்று எழுதியதால் முதல் ஆளின் NC கழன்றுவிடாது.

பெயருக்குத்தான் ரீமிக்ஸ், உடம்பு புதிதாக வரைந்ததோ என்ற நப்பாசையில் மூலம், நான் இறக்கியது இரண்டின் STL ஃபைலையும் அச்சுக்குத் தயார்செய்யும் ஸ்லைசர் மென்பொருளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினேன். மூன்றாவது மூட்டின் அடியில் ஒரு சின்ன வெட்டு, இரண்டிலும் அதே இடத்தில். சரி, அதே மீன்தான்.

என் வால் மாற்றிய ஃபைலை CC BY-யில் போடலாம் என்றிருந்தேன். மாற்றியதையும் அதே லைசன்ஸில் பகிரச் சொல்லும் SA இருப்பதால் அதுவும் BY-NC-SA-யில்தான் போக வேண்டும். ND ஆக இருந்திருந்தால் வீட்டில் மாற்றி விளையாடலாம், வெளியிடவே ஏலாது. பிரிண்டரைச் சோதிக்க நாம் எல்லோரும் அடிக்கும் 3DBenchy படகுகூட 2025-இல் பொதுவுடைமையாகும் வரை ND-தான்.

இப்போது எதை இறக்கினாலும், மேலே உள்ள எல்லாப் பக்கங்களையும் திகதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபைலோடு போட்டுவிடுகிறேன். CC-யில் ஒருமுறை கொடுத்த அனுமதி, பக்கத்தில் லைசன்ஸை மாற்றினாலும் நமக்குப் போகாது. ஆனால் நாம் எடுத்தபோது என்ன இருந்தது என்று காட்ட வேண்டுமே.

மூல ஆளுக்கு, அடித்த மீனை மட்டும் விற்கலாமா என்று கேட்டு எழுதி பதினொரு நாள், பதில் இல்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த நீல PLA பிளாஸ்டிக் இழை வேறு வாவிக் காற்றில் ஈரம் குடித்து நூல் நூலாக இழுக்கிறது. அடுத்த சம்பளத்தில் ஒரு டிரையர் வாங்க வேண்டும்.

ஆகவே மீனை முதலிலிருந்து நானே வரைகிறேன். மூட்டு இடைவெளி 0.3 மி.மீ. வைத்தபோது ஒட்டிக்கொண்டது, 0.45-இல் கழன்று ஆடுகிறது. தலையும் இரண்டு மூட்டும் முடிந்தன. வால் இன்னும் வரையவில்லை.