அந்தப் போட்டோ எந்த ஊர்?

ஜூன் 8, கிருஷ்ணகிரி

அத்தை பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கடைவீதியில் தாத்தா, பாட்டி, மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் நிற்கும் கார். “இது நம்ம பழையபேட்டைதான்” என்கிறார் அத்தை. பெரியப்பாவோ பெங்களூர் என்று சத்தியம் செய்கிறார். பின்னால் ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் 9

முதல் வேலை, படம் இடவலம் மாறிப் பிரிண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பது. பாட்டியின் முந்தானை இடது தோளில், தாத்தாவின் சட்டைப் பையும் இடது பக்கம். சரியாகவே இருக்கிறது. துணி இதற்கு உதவியது, ஊரைச் சொல்லவில்லை. தலைப்பாகை, பஃப் கை ரவிக்கை எல்லாம் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, போட்டோவுக்கென்று பெட்டியில் இருந்த நல்ல புடவையைத்தானே கட்டுவார்கள்!

ஜூன் 11

1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். கார் அம்பாசிடர். ஆக 1950களின் கடைசிக்கு முன்னால் எடுத்திருக்க முடியாது. நம்பர் பிளேட் எம்ஒய் என்று தொடங்குகிறது, மைசூர் மாநில வண்டி. “பார்த்தியா, பெங்களூர்!” என்று பெரியப்பா குதித்தார். கார் ஓடுகிற பொருள், பெரியப்பா. மைசூர் வண்டி நம் ரோட்டில் தினமும்தான் ஓடியிருக்கும். ஓடாத பொருளைத்தான் நம்ப வேண்டும்.

ஜூன் 14

ஓடாதது கடைப் பலகை. மேல் வரி தமிழ்: “முருகன் து” வரை தெரிகிறது, அடுத்து பழைய துதிக்கை ‘ணை’. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பலகை. கீழ் வரி தெலுங்கா, கன்னடமா என்பதில் ஒரு மாலை போனது. இரண்டிலும் ‘க’ ஏறக்குறைய ஒன்றுதான். எழுத்தின் உச்சியில் வரும் தலைக்கட்டைப் பார்க்க வேண்டும். தெலுங்கில் அது டிக் அடித்த மாதிரி மேலே ஏறும். கன்னடத்தில் படுத்த கோடாக ஓடி, வலது முனையில் சுருளும். இங்கே சுருள்கிறது. கன்னடம்.

மூலையில் “போன் 47”. பெங்களூரில் அந்தக் காலத்தில் இரண்டு இலக்க நம்பர் ஏது? சின்ன ஊர் எக்ஸ்சேஞ்ச்தான். பெரியப்பா கட்சி அவுட்.

அடியில் “சேலம் ஜில்லா”. நம்ம பக்கமெல்லாம் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2. பலகை அதற்கு முன் எழுதியது. படமும் அதற்கு முன் என்று சொல்ல முடியாது. ஜில்லா மாறியதற்காக எந்தக் கடைக்காரர் பெயிண்டரைக் கூப்பிட்டார்?

ஜூன் 16

சேலம் ஜில்லாவில் தமிழுக்குக் கீழே கன்னடம் எழுதும் சின்ன ஊர் என்றால் ஓசூரும் அதைச் சுற்றியும்தான். கூரைகளுக்கு மேல் மங்கலாக ஒரு குன்று. வெளிச்சத்தைக் குறைத்ததும் உச்சியில் கோபுரம் வந்தது. ஓசூரில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று சந்திரசூடேஸ்வரர் மலையோடு வைத்துப் பார்த்தேன். சரிவு ஒத்துப்போகிறது.

அத்தைக்குப் போன் போட்டேன். “ஓசூர்ல நமக்கு யாருடா?” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்: “மத்திகிரி மாட்டுப் பண்ணையில சின்ன தாத்தா வேலை பார்த்தாரே! மடியில இருக்கிற குழந்தை அவரு மகன்.”