கரண்டியா, பிள்ளையின் கையா: ஆறு மாதத்தில் நாங்கள் சாப்பாடு தொடங்கிய விதம்

மகளுக்கு ஆறு மாதம் முடியும்போதே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. மாமிக்கு மசித்த சோறும் கரண்டியும்தான் சரி. லண்டனில் இருக்கும் மச்சாள் தன் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே அவித்த துண்டுகளைக் கையில் கொடுத்து, அவனே எடுத்துச் சாப்பிட விட்டவள். பேபி லெட் வீனிங் என்று இப்போது எல்லோரும் சொல்வது அதைத்தான். "தொண்டையில அடைச்சா என்ன செய்யிறது?" என்று மாமி கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கும் அந்தப் பயம்தான், அதனால் தொடங்குவதற்கு முன் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

நியூசிலாந்தில் சுமார் 200 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வந்திருக்கிறது. இரண்டு குழுவையும் சேர்த்து, 6 மாதத்துக்கும் 8 மாதத்துக்கும் இடையில் 35 வீதமான குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது தொண்டையில் அடைத்திருந்தது, ஆனால் தாங்களே எடுத்துச் சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதை வாசித்துவிட்டு எதையும் கையில் கொடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. அங்கே கையில் கொடுத்த குழுவின் பெற்றோருக்கு எது ஆபத்தான உணவு, எப்படி வெட்டுவது என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியிருந்தும் 7 மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்தான ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது.

இரண்டு வழிக்கும் பொதுவான நிபந்தனை உட்காருவது. கழுத்து நேராக நிற்க வேண்டும், சிறு தாங்கலோடு பிள்ளை இருக்க வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். மாதம் குறைந்து பிறந்த பிள்ளை என்றால் மாதக்கணக்கை மட்டும் பார்க்காமல் டொக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். எங்கள் கதிரையில் மகள் ஒரு பக்கமாகச் சரிந்தாள், அதனால் இரண்டு பக்கமும் துவாயைச் சுருட்டி வைத்தோம்.

முதலில் கொடுத்தது வத்தாளங்கிழங்கு. என் சுட்டுவிரல் நீளத்துக்கும் அதைவிடக் கொஞ்சம் தடிப்பாகவும் வெட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்தினால் நசியும் வரை அவித்தேன். நீளம் ஏன் என்றால், இந்த வயதில் பிள்ளை முழுக் கையால்தான் பிடிக்கும், பிடிக்குள் மறைந்த துண்டு வாய்க்குப் போகாது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் கடிக்கும். மகள் ஒரு நுனியைக் கடித்தாள், இரண்டு தரம் மென்றாள், பிறகு முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, நாக்கை வெளியே நீட்டி ஓங்காளித்தாள். மாமி கதிரையை நோக்கி ஓடி வந்தார். "பொறுங்கோ மாமி, சத்தம் வருது, மூச்சும் போகுது" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில விநாடியில் துண்டு முன்னால் வந்து விழுந்தது, அவள் திரும்ப அதையே எடுத்தாள்.

இந்த ஓங்காளத்தை விளங்கிக்கொள்ளாமல் கையில் கொடுக்கும் முறையைத் தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆறு மாதப் பிள்ளைக்கு ஓங்காளம் கிளம்பும் இடம் நாக்கின் முன்பக்கமாக இருக்கிறது, வளர வளரப் பின்னுக்குப் போகும். அதனால் துண்டு தொண்டைக்குக் கிட்டப் போக முன்பே உடம்பு அதைத் தள்ளிவிடுகிறது. அந்த நேரம் விரலை விட்டு எடுக்கப் போனால் துண்டை நாமே உள்ளே தள்ளிவிடுவோம். உண்மையான அடைப்பு வேறு மாதிரி: இருமல் வராது, அழுகைச் சத்தம் வராது, அல்லது மெல்லிய கீச்சென்ற சத்தம் மட்டும் வரும், உதடு நீலம் பாயும். பலமாகச் சத்தம் போடும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், சத்தம் நின்ற அல்லது கீச்சென்று மட்டும் கேட்கும் பிள்ளையை உடனே தூக்க வேண்டும்.

சரி, கரண்டிக்கு வருவோம். மசியல் என்றால் பயமில்லை என்பதுதான் பலர் நினைப்பு, ஆனால் அங்கே ஆபத்து ஊட்டும் விதத்தில் வருகிறது. வெள்ளவத்தையில் எங்கள் மாடி பல்கனியிலிருந்து கடற்கரை ரயில் தெரியும், அதைக் காட்டித்தான் இந்தக் கட்டிடத்தில் பாதிப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். இடுப்பில் வைத்திருக்கும் பிள்ளை ரயிலைப் பார்த்து வாயைப் பிளக்கும், சிரிக்க மூச்சை இழுக்கும் அந்தக் கணத்தில் கரண்டி உள்ளே போகும். அழும்போது ஊட்டுவதும், மடியில் சாய்த்து ஊட்டுவதும் இதே மாதிரித்தான். நாங்கள் செய்தது: பிள்ளை கதிரையில், நான் எதிரே அதே உயரத்தில், கரண்டியை உதட்டுக்கு முன்னால் நிறுத்துவேன். அவள் முன்னால் வந்து வாயைத் திறந்து எடுத்தால் எடுக்கட்டும், முகத்தைத் திருப்பினால் அத்தோடு முடிந்தது. மேல் அண்ணத்தில் தேய்த்து இறக்கக் கூடாது.

அடுத்தது பதம். கரண்டியைச் சரித்தால் ஓடாமல் நிற்க வேண்டும். தண்ணியாக இருந்து அதற்குள் கட்டி கட்டியாகக் கிடந்தால் இந்த வயதுக்கு அதுதான் மிகக் கஷ்டம், தண்ணீர் ஒரு வேகத்தில் தொண்டைக்குப் போகும், கட்டி மெல்வதற்காக வாயில் நிற்கும். முதல் வாரம் முழுதும் மசித்த சோறு, பருப்பு, பூசணி. அப்புறம் முள்ளுக்கரண்டியால் மசித்தது. ஒன்பது மாதத்துக்குள் கட்டிகளுக்குப் பழக்கிவிடுவது நல்லது, வெகுநாள் அரைத்தே கொடுத்தால் பிறகு மென்று சாப்பிடப் பழகக் கஷ்டப்படும் என்று கிளினிக்கில் மிட்வைஃப் சொன்னார்.

நாங்கள் கடைசியில் இரண்டையும் கலந்தோம். மீனும் ஈரலும் மசித்துக் கரண்டியில், ஏனென்றால் இரும்புச்சத்து வயிற்றுக்குள் போனது என்று தெரிய வேண்டும். மீனை நானே விரலால் உதிர்த்துத் தடவிப் பார்ப்பேன், முள் கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. கரட், போஞ்சி, பப்பாசிப்பழம் எல்லாம் அவள் கையில். பாண் கொடுத்தால் வாட்டி நீளமாக வெட்டிக் கொடுக்கிறேன், புதுப் பாணின் வெள்ளைப் பகுதி வாயில் பசையாகத் திரண்டு அண்ணத்தில் ஒட்டும். அவிக்காத கரட், அவிக்காத அப்பிள் துண்டு இரண்டும் இந்த வயதுக்கு இல்லை.

முதலுதவியை முதல் கவளத்துக்கு முன்பே வீட்டில் எல்லோரும் பழகினோம், மாமியும் சேர்த்து, ஒரு பொம்மையை வைத்து. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடம்பைவிடத் தாழ்வாக, தாடையைப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவெலும்பில் 5 அழுத்து. மாறி மாறி. அதே நேரம் இன்னொருவர் 1990 சுவசெரியா அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். வாயில் தெரியாத பொருளைத் தேடி விரல் விடக் கூடாது, வயிற்றை அமுக்கக் கூடாது. பிள்ளை அசைவில்லாமல் போனால் சிபிஆர் தொடங்க வேண்டும், அதை எழுத்தில் வாசித்துப் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்பு போல ஏதாவது ஒன்றில் செய்து பழகுங்கள்.

இப்போது அவள் தவழ்கிறாள், எனவே என் கவனம் தட்டிலிருந்து தரைக்குப் போயிருக்கிறது. வருகிறவர்கள் கொண்டுவரும் கச்சான், திராட்சை, றம்புட்டான் மூன்றையும் கதிரை உயரத்துக்கு மேலேதான் வைக்கிறோம். றம்புட்டான் வழுக்கும், உருண்டை, உள்ளே கொட்டை வேறு, தோல் உரித்த பழம் ஒன்று கீழே உருண்டால் அதைத் தேடி எடுக்கும் வரை பிள்ளையைத் தரையில் விடுவதில்லை. திராட்சை என்றால் நீளவாக்கில் நாலாக வெட்டித்தான், முழுக் கச்சான் ஐந்து வயதுக்குப் பிறகுதான்.