அறை சுற்றிய நாட்களும் கட்டைவிரல் பயிற்சியும்

வைரஸ் காய்ச்சல் விட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. விடியற்காலையில் கண்ணைத் திறந்தால் அறையே சுற்றியது. எழுந்து இரண்டடி வைத்ததும் இடப்பக்கமாகச் சாய்ந்து சுவரில் மோதினேன். பிறகு ஓயாத வாந்தி. அசையாமல் கண்ணை மூடிப் படுத்தாலும் சுற்றல் நிற்கவில்லை. பக்கவாதமோ என்று மனைவி பயந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே மருத்துவர் என் தலையை இரு கைகளாலும் பிடித்து, "என் மூக்கையே பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று திருப்பினார். வலப்பக்கம் திருப்பியபோது பார்வை மூக்கிலேயே நின்றது. இடப்பக்கம் திருப்பியபோது கண்ணும் தலையோடு போய், பிறகு வெடுக்கென்று மூக்குக்குத் திரும்பியது. இடது காதிலிருந்து மூளைக்குச் சமநிலைச் செய்தி கொண்டுபோகும் நரம்பு வீங்கியிருக்கிறது, பெயர் வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் என்றார். விடாமல் சுற்றும்போது இந்தச் சோதனையில் கண் நழுவாமல் நின்றால்தான் மூளையைச் சந்தேகிக்க வேண்டுமாம். காது நன்றாகக் கேட்டது, பேச்சு குழறவில்லை, பார்வை இரண்டாகத் தெரியவில்லை. இவற்றையும் கேட்டுத்தான் முடிவுக்கு வந்தார்.

தலை அசையாதபோது இரண்டு காதும் சமமாகச் செய்தி அனுப்பும். ஒன்று குறைந்தால், தலை மறுபக்கம் திரும்புவதாக மூளை நினைத்துக்கொள்கிறது. அதுதான் அந்தச் சுற்றல்.

மூன்று நாளைக்கு மட்டும் தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார். பயத்தில் நான் பத்து நாள் விழுங்கினேன், அது தவறு. அந்த மாத்திரை சமநிலைச் செய்தியையே மழுக்குகிறது. தவறு தெரிந்தால்தானே மூளை திருத்திக்கொள்ளும்?

மாத்திரையை நிறுத்தியதும் பயிற்சி. உட்கார்ந்து, கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். நகம் மங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று வேளை என்றார்கள். முதல் நாள் இருபது நொடியில் குமட்டியது. லேசாகச் சுற்ற வேண்டும், ஆனால் கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் அளவு அதிகம் என்று அர்த்தம். எனக்கு மிகவும் உதவிய அளவுகோல் இதுதான். சுற்றுமே என்று தலையை ஆட்டாமல் கழுத்தை விறைத்துக்கொண்டிருந்த நாட்களில் முன்னேற்றமே இல்லை.

அடுத்த வாரம் அதையே நின்றபடி, பிறகு பாதங்களைச் சேர்த்து வைத்து, அதன்பின் தலையைத் திருப்பிக்கொண்டே நடந்து. ஐந்தாம் வாரம் வேலைக்குப் போனேன். கூட்டமான கடைத்தெரு மட்டும் இன்னும் சில வாரம் தள்ளாட வைத்தது.

மூன்று மாதம் கழித்து மருத்துவர் மறுபடி தலையைத் திருப்பிப் பார்த்தார். இடப்பக்கம் கண் இன்னும் கொஞ்சம் நழுவியது. நரம்பு முழுதாகத் தேறவில்லை, மூளைதான் ஈடுகட்டிக்கொண்டது என்றார். இருட்டில் பார்வையின் துணை இல்லாததால் அது இப்போதும் தெரியும். இரவில் எழுந்தால் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் நடக்கிறேன்.