தூசி அளவெடுப்புக்கு முந்தைய காலை: பம்ப், ஜாடி, கேலிபிரேட்டர்

கல் அறுக்கும் ஒரு பட்டறையில் ஐந்து தொழிலாளர்கள் மூச்சில் எவ்வளவு நுண்தூசி போகிறது என்று அளக்கும் வேலை. ஆளுக்கொரு பம்ப் இடுப்பில், பெரிய தூசியைப் பிரித்துவிடும் சைக்ளோனும் நுண்தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் கேசட்டும் சட்டைக் காலர் ஓரத்தில். ஷிப்ட் தொடங்குவதற்கு முன் ஐந்து பம்ப்களையும் கேலிபிரேட் செய்து, அதாவது ஒவ்வொன்றும் உண்மையில் எவ்வளவு காற்று இழுக்கிறது என்று அளந்து சரிசெய்து முடிக்க வேண்டும். அந்தக் காலை வேலை எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். இந்த வேலையில் அளவு தப்பாகும் இடங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று கேலிபிரேட்டர் திரையில் தெரியவே தெரியாது.

நாங்கள் பயன்படுத்தியது அலுமினிய சைக்ளோன். அதற்கு நிமிடத்துக்கு 2.5 லிட்டர் காற்று வேண்டும். அந்த வேகத்தில் காற்று உள்ளே சுழலும்போது பெரிய துகள்கள் கீழே உள்ள கிண்ணத்தில் விழுந்துவிடும். நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய சிறு துகள்கள் மட்டும் மேலே ஃபில்டருக்கு வரும். 4 மைக்ரோமீட்டர் துகள்களில் பாதி ஃபில்டருக்குப் போகும், பாதி நின்றுவிடும். வேகம் கூடினால் இந்த எல்லை கீழே இறங்கும், குறைந்தால் மேலே ஏறும். அதனால் சைக்ளோன் வைத்து எடுக்கும்போது காற்றோட்டம் தப்பினால் கணக்கு மட்டும் தப்பாது, எந்தத் தூசியைப் பிடிக்கிறோம் என்பதே மாறிவிடும்.

"பம்புலயே 2.50-ன்னு காட்டுதே சார், அப்புறம் எதுக்கு இது?" என்று உதவிக்கு வந்திருந்த தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். பம்ப் திரையில் தெரிவது உள்ளே இருக்கும் சென்சாரின் மதிப்பீடு. காலப்போக்கில் அது நகரும். வேறு ஃபில்டர், நீளமான டியூப் என்று இழுவை மாறினாலும் கொஞ்சம் மாறலாம். பிரைமரி கேலிபிரேட்டர் அப்படியில்லை. அதன் கண்ணாடி உருளைக்குள் கிராஃபைட் பிஸ்டன் ஒன்று காற்றோடு மேலே ஏறுகிறது. குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க எத்தனை நொடி ஆனது என்று ஒளி சென்சார்கள் பார்க்கின்றன. உருளையின் குறுக்களவும் தூரமும் தெரிந்தவை என்பதால் கன அளவை நேரத்தால் வகுத்தால் ஓட்டம் வந்துவிடும். நீளமும் நேரமும் தவிர வேறெதையும் அது நம்புவதில்லை. அதனால்தான் அது பிரைமரி.

பட்டறைக்குள்ளேயே வைத்துச் செய்யவில்லை. பிஸ்டனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது, கல் தூசி போனால் பிஸ்டன் தடுக்கும். அதற்காக வேறு ஊரில் ஏசி அறையில் செய்துவிட்டு வருவதும் சரியில்லை. அங்கேயே ஸ்டோர் அறை ஒன்றைக் கேட்டு வாங்கி, மேசை சமமாக இருக்கிறதா என்று பார்த்து வைத்தோம். பம்ப்களை முழு சார்ஜில், ஃபில்டர் மாட்டிய நிலையில் பத்து நிமிடம் ஓடவிட்டோம். கேலிபிரேஷனுக்கு மாட்டிய ஃபில்டர் தனி. எடை போட்டு வைத்த ஃபில்டர்களைத் தொடவில்லை. அதே தொகுப்பைச் சேர்ந்த, அதே 37 மில்லிமீட்டர், 5 மைக்ரோமீட்டர் பிவிசி ஃபில்டர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினோம்.

அடுத்ததாகப் பார்த்தது கேலிபிரேட்டரின் அமைப்பு. இந்தக் கருவி அதற்கு முன் வாயுக் கலவை தயாரிக்கும் வேறு வேலைக்குப் போய் வந்திருந்தது. அங்கே ஓட்டத்தைத் திட்ட வெப்பநிலைக்கும் திட்ட அழுத்தத்துக்கும் மாற்றிக் காட்டும்படி வைத்திருந்தார்கள். அந்த வேலைக்கு அது சரி. நமக்கு வேண்டியது அந்த இடத்தில், அந்த நேரத்தில் சைக்ளோன் வாய் வழியாகப் போகும் உண்மையான கன அளவு. இந்தப் பட்டறை சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கருவி காட்டிய அழுத்தம் 920 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 34 டிகிரி. மாற்றாமல் விட்டு, திரையில் 2.50 வரும்வரை பம்பைத் திருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2.50 × (1013 ÷ 920) × (307 ÷ 298) = 2.84

இதில் 1013 என்பது ஹெக்டோபாஸ்கலில் திட்ட அழுத்தம். 298 என்பது 25 டிகிரி, 307 என்பது 34 டிகிரி, இரண்டும் கெல்வினில். அதாவது பம்ப் உண்மையில் நிமிடத்துக்கு 2.84 லிட்டர் இழுத்துக்கொண்டிருக்கும். சைக்ளோன் தேவைக்கு மேல் வடிகட்டி, பிடிக்க வேண்டிய தூசியில் ஒரு பகுதியைக் கீழே தள்ளிவிடும். இன்னொரு பக்கம், காற்றின் அளவை 2.50 என்று வைத்துக் கணக்குப் போட்டால் செறிவு கூடுதலாக வரும். ஒரு பிழை குறைக்கிறது, இன்னொன்று கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்பது அந்தத் தூசியின் துகள் அளவைப் பொறுத்தது. பின்னால் உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம் என்றால் முடியாது. அமைப்பை மாற்றும் வேலையோ ஒரு நிமிடம்தான்.

சைக்ளோனின் வாயில் டியூபை நேரடியாகச் செருக முடியாது. அதனால் ஜாடி. ஒரு லிட்டர் ஜாடி, மூடியில் இரண்டு முனைகள். சைக்ளோனும் கேசட்டும் ஜாடிக்குள் நிமிர்ந்து நிற்கும். கேசட்டின் வெளிவாய் மூடியின் ஒரு முனை வழியாகப் பம்புக்குப் போகும். மறு முனை கேலிபிரேட்டருக்கு. காற்று முதலில் கேலிபிரேட்டருக்குள் நுழைந்து, ஜாடிக்கு வந்து, சைக்ளோன் வழியாகப் பம்புக்குப் போகும். இந்த வரிசை மாறக்கூடாது. கேலிபிரேட்டரை ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் வைத்தால், ஃபில்டரைத் தாண்டி அழுத்தம் குறைந்து விரிந்த காற்றைத்தான் அது அளக்கும். எண் கூடுதலாக வரும்.

முதல் இரண்டு பம்ப்களும் எளிதாக முடிந்தன. பத்து அளவுகளின் சராசரி 2.50-க்கு வரும்வரை சரிசெய்து குறித்துக்கொண்டோம். மூன்றாவது பம்பில் சராசரி 2.31. பம்பின் திரையோ 2.50 என்கிறது. அதைவிட உறுத்தியது அளவுகள் சிதறிய விதம்: 2.24, 2.37, 2.29 என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம். சென்சார் நகர்ந்த பம்ப் பொதுவாகத் தப்பான எண்ணைத்தான் காட்டும், ஆனால் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பக் காட்டும். இப்படித் தள்ளாடினால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பம்பைத் திருகவில்லை. கேலிபிரேட்டரிலிருந்து டியூபைக் கழற்றி, அதன் முனையைக் கட்டைவிரலால் அடைத்தோம். எல்லாம் இறுக்கமாக இருந்தால் சில நொடிகளில் பம்ப் திணறி நிற்க வேண்டும். நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. ஜாடிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட டியூபை மடித்துப் பிடித்ததும் உடனே நின்றது. ஆக பம்ப் சரி, பம்புக்கும் மடித்த இடத்துக்கும் நடுவிலும் ஒழுகல் இல்லை. கேலிபிரேட்டரைத் திரும்ப மாட்டி, ஜாடி மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபோது திரையில் 2.43, 2.48, 2.51 என்று ஏறியது. கையை எடுத்ததும் இறங்கியது. மூடியைத் திறந்து பார்த்தால் ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடங்கிக் கிடந்தது, மடிப்பில் ஒரு கல் துணுக்கு. துடைத்து, வளையத்தைச் சரியாக உட்காரவைத்து மூடியதும் எண்கள் 2.50, 2.51 என்று அமைதியாயின.

இந்த ஒழுகல் காட்டிய பிழையின் திசையைக் கவனிக்க வேண்டும். பம்ப் இழுத்தது சரியான அளவுதான். அதில் ஒரு பங்கு மூடி வழியாக உள்ளே வந்ததால் கேலிபிரேட்டர் குறைவாகப் பார்த்தது. அதை நம்பிப் பம்பை ஏற்றியிருந்தால், ஜாடி இல்லாமல் ஆள்மேல் மாட்டும்போது நாள் முழுக்க அதிகமாக இழுத்திருக்கும்.

இது திரையில் தெரிந்த கோளாறு. தெரியாத கோளாறு ஜாடிக்குள் இருக்கிறது. கேசட்டின் இரண்டு பாகங்கள் சரியாக அழுந்தாமல் இருந்தாலோ, சைக்ளோனும் கேசட்டும் சேரும் இடத்தில் ஓ-ரிங் தேய்ந்திருந்தாலோ, காற்று சைக்ளோன் வாயைத் தவிர்த்துவிட்டு அந்த இடுக்கு வழியாகவும் போகும். ஆனால் அந்தக் காற்றும் ஜாடிக்குள்ளிருந்துதான் போகிறது, ஜாடிக்கு வந்த எல்லாக் காற்றும் கேலிபிரேட்டர் வழியாக வந்ததுதான். அதனால் திரை நிம்மதியாக 2.50 என்றே காட்டும். களத்திலோ பெரிய துகள்கள் அந்த இடுக்கு வழியாக நேராக ஃபில்டருக்கு வரலாம். ஜாடி முறையின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. இதற்கு வழி, மாதிரி எடுக்கப்போகும் ஒவ்வொரு சைக்ளோனையும் ஜாடிக்கு வெளியே பம்போடு இணைத்து, அதன் வாயை விரலால் மெதுவாக அடைத்துப் பார்ப்பது. பம்ப் நிற்க வேண்டும். அன்றைக்கு ஒரு கேசட்டில் நிற்கவில்லை. பிளாஸ்டிக் பாகங்கள் ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் மயிரிழை தூக்கி நின்றன. அதை ஒதுக்கிவிட்டு உபரி கேசட்டை எடுத்துக்கொண்டோம்.

ஷிப்ட் முடிந்ததும் அதே ஸ்டோர் அறையில், அதே ஜாடியில், கேலிபிரேஷனுக்கென்று ஒதுக்கிய அதே ஃபில்டரோடு திரும்பவும் அளந்தோம். தூசி பிடித்த ஃபில்டர்களை இதற்குப் பயன்படுத்தக்கூடாது, பிடித்ததை இழக்க நேரிடும். பம்பின் அமைப்பில் கை வைக்கவே கூடாது. அது இருந்தபடியே என்ன இழுக்கிறது என்பதுதான் கேள்வி. முதல் பம்ப் காலையில் 2.50, மாலையில் 2.46. வித்தியாசம் 5 சதவீதத்துக்குள், எனவே சராசரி 2.48. ஓடிய நேரம் 430 நிமிடம், ஆக 1066 லிட்டர், அதாவது 1.066 கனமீட்டர். காற்று இழுக்காமல் ஒப்பீட்டுக்கு வைத்த வெற்று ஃபில்டரின் எடை மாற்றத்தைக் கழித்தபின் எடை கூடியது 0.61 மில்லிகிராம். செறிவு கனமீட்டருக்கு 0.57 மில்லிகிராம்.

ஐந்தாவது பம்ப் காலையில் 2.51, மாலையில் 2.33. ஒழுகல் எதுவும் இல்லை, எண்களும் சிதறவில்லை. 7 சதவீதம் இறக்கம். பம்பின் நுழைவாயில் உள்ள சிறு வடிகட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் அடைத்திருந்தது. எந்த நேரத்தில் இறங்கத் தொடங்கியது என்று தெரியாததால் சராசரி எடுப்பதில் பொருளில்லை. அந்த மாதிரியைச் செல்லாது என்று எழுதி, காரணத்தையும் பதிவேட்டில் குறித்தோம். அந்தத் தொழிலாளரிடம் விஷயத்தைச் சொல்லி, வடிகட்டி மாற்றிய பம்பை மறுநாள் காலை திரும்பவும் கேலிபிரேட் செய்து அவருக்கே மாட்டினோம்.