எக்ஸ்பைரி வரை பிடித்த ஒரு லாட்

2023 நவம்பர் 2, வியாழக்கிழமை. ஒரு பொதுத்துறை வங்கிப் பங்கு 400 ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது. அதே பங்கை மாதக் கடைசியில், எக்ஸ்பைரி நாளில், வாங்கி விற்க இன்றே விலை பேசும் ஒப்பந்தமான நவம்பர் ஃபியூச்சர்ஸ் 403.20. ஒரு லாட், அதாவது ஒரு ஒப்பந்தம், 1,500 பங்கு. பங்கை வாங்கி ஃபியூச்சர்ஸை விற்றால் ஒரு பங்குக்கு 3.20, மொத்தம் 4,800 ரூபாய். மாதக் கடைசிக்குள் இரண்டு விலையும் ஒன்றாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏன் ஒன்றாகிறது என்று கேட்டால் "எக்ஸ்பைரி அன்னைக்கு சேர்ந்துடும்" என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. காசு போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த 3.20 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டேன். இன்று பங்கு வாங்குகிறவர் 6 லட்சத்தை இன்றே கொடுக்க வேண்டும். ஃபியூச்சர்ஸ் வாங்குகிறவர் மார்ஜின் என்ற பிணைத்தொகை மட்டும் கட்டிவிட்டு மீதிப் பணத்துக்கு 28 நாள் வட்டி வாங்கலாம். 7 சதவீத வட்டியில் 400 ரூபாய்க்கு 28 நாளுக்கு சுமார் 2.15 வரும். ஆக 402.15 நியாயமான விலை. அதற்கு மேல் இருந்த ஒரு ரூபாய்தான் சந்தையின் ஆசை. நாள் குறையக் குறைய இந்த வட்டியும் குறையும். பத்து நாள் பாக்கி இருக்கும்போது இதே கணக்கு 80 பைசாவுக்கு வந்துவிடும். விலைகள் நெருங்குவதில் பாதிக் கதை இதுதான், வட்டிக்கு நாள் தீர்ந்துபோகிறது. இடையில் டிவிடெண்ட் வருவதாக இருந்தால் ஃபியூச்சர்ஸ் ஸ்பாட்டுக்கு, அதாவது பங்கின் நேரடிச் சந்தை விலைக்கு, கீழேயும் போகும், ஏனென்றால் அது பங்கை வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும். என் பங்கில் அந்த மாதம் அது இல்லை.

1,500 பங்கு வாங்கினேன், ஒரு லாட் விற்றேன். விற்ற லாட்டுக்கு மார்ஜின் ஏறக்குறைய 1,30,000. அதில் பாதியாவது ரொக்கமாக இருக்க வேண்டும், மீதிக்குப் பங்கை அடகு வைக்கலாம். வாங்கிய பங்கு டீமேட்டுக்கு வந்ததும் ஓடிபி போட்டு அதையே பிளெட்ஜ் செய்தேன். கணக்கில் ஒரு லட்சம் ரொக்கம் வைத்தேன். அதுவே தாராளம் என்று நினைப்பு.

அந்த நினைப்பு இரண்டு வாரம் தாங்கியது. வங்கியின் காலாண்டு முடிவு நன்றாக வந்தது, பங்கு ஏற ஆரம்பித்தது. ஃபியூச்சர்ஸில் லாப நட்டம் தினமும் தீர்க்கப்படும். அன்றைய ஃபியூச்சர்ஸ் செட்டில்மென்ட் விலைக்கும் முந்தைய நாள் விலைக்கும் உள்ள வித்தியாசம் அன்றிரவே கணக்கில் ஏறும் அல்லது கழியும். நவம்பர் 20 அன்று பங்கு 431, ஃபியூச்சர்ஸ் 432.50. விற்றவனான என் கணக்கிலிருந்து அதுவரை போனது 43,950 ரூபாய், ரொக்கமாக. கையில் இருந்த பங்கு 46,500 ஏறியிருந்தது, ஆனால் அது பங்காகத்தான் இருந்தது. அடகு வைத்த பங்கின் மதிப்பு ஏறியதால் மார்ஜின் கணக்கு பார்க்க அழகாக இருந்தது. ரொக்க நெடுவரிசை மட்டும் சிவப்பு. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கியதிலிருந்து 30,000 மாற்றினேன். இரண்டு விலைக்கும் இடையே உள்ள தூரம் 3.20-இலிருந்து 1.50 ஆகியிருந்தது. அதாவது நான் எதிர்பார்த்தது சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது, சரியாக நடக்கும்போதே என் ரொக்கம் தீர்ந்துகொண்டிருந்தது. போதிய ரொக்கம் இல்லாதவர் இந்த இடத்தில் லாட்டை மூடிவிட்டு ஓடுவார், விலைகள் சேரும் நாள்வரை இருக்க மாட்டார்.

எக்ஸ்பைரி வாரம். 27, திங்கட்கிழமை குருநானக் ஜெயந்தி, சந்தை விடுமுறை. செவ்வாய் காலை தரகர் அலுவலகத்து டீலர் பெண் கூப்பிட்டார்.

"சார், நவம்பர் லாட்டை க்ளோஸ் பண்றீங்களா, டெலிவரிக்கு விடுறீங்களா?"

"டெலிவரிதாம்மா. பங்குதான் டீமேட்ல இருக்கே."

"இருக்கு சார், ஆனா பிளெட்ஜ்ல இருக்கு. பிளெட்ஜ்ல இருக்கற பங்கை டெலிவரி கொடுக்க முடியாது. எடுத்துடுங்க. எடுத்தா மார்ஜின் குறையும், அதை ரொக்கமா போடணும். இந்த வாரம் மார்ஜினும் ஜாஸ்தி."

எவ்வளவு என்று கேட்டேன். ஒப்பந்த மதிப்பில் ஏறக்குறைய பாதி, 3,20,000. பங்கு சரியான நேரத்தில் போய்ச் சேராவிட்டால்? "ஏலத்துக்குப் போயிடும் சார். சந்தையில யார்கிட்டயாவது வாங்கிக் கொடுத்துட்டு வித்தியாசத்தை உங்க தலையில போடுவாங்க." கையில் பங்கை வைத்துக்கொண்டே பங்கு கொடுக்காத குற்றத்துக்கு ஆளாகும் நிலை. மைத்துனரிடம் இரண்டு நாளுக்கு 2,30,000 கேட்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்குவதற்குள் வியாழன் வந்திருக்கும். செவ்வாய் மாலை பிளெட்ஜை எடுக்கக் கொடுத்தது புதன் பங்காகத் திரும்பியது.

இந்த டெலிவரி விவகாரம்தான் விலைகள் சேர்வதன் மறுபாதிக் கதை. இந்தியாவில் பங்கு ஃபியூச்சர்ஸ் முன்பு பணமாகத் தீர்ந்தது. 2018-இல் செபி மாற்றச் சொன்னது. படிப்படியாக வந்து, 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஃபியூச்சர்ஸும் பங்காகவே தீர்கின்றன. எக்ஸ்பைரி நாள் மாலை ஒரு லாட் வாங்கி வைத்திருப்பவர் 1,500 பங்கை முழுப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும், விற்றவர் கொடுக்க வேண்டும். அன்று மதியம் ஃபியூச்சர்ஸ் என்பது எக்ஸ்பைரி முடிந்ததும் கைமாறப்போகும் அதே பங்குதான். அது ஸ்பாட்டைவிட ஐந்து ரூபாய் அதிகம் என்றால் பங்கை வாங்கி ஃபியூச்சர்ஸை விற்று அதையே டெலிவரியில் கொடுத்துவிடலாம். ஐந்து ரூபாய் குறைவு என்றால் பங்கை ஏற்கெனவே வைத்திருப்பவர் அதை ஸ்பாட்டில் விற்றுவிட்டு ஃபியூச்சர்ஸ் வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்வார். இதைச் செய்யக் கணினியோடு உட்கார்ந்திருப்பவர்கள் பலர் என்பதால் ஐந்து ரூபாய் என்னைப் போன்றவர் கண்ணுக்கே வராது.

நிஃப்டி வேறு ஜாதி. ஐம்பது பங்கை மூட்டை கட்டி யாரும் கொடுப்பதில்லை, பணமாகவே தீரும். தீர்வு விலை என்பது அந்த நாளின் முடிவு விலை, 2023-இல் இருந்த முறைப்படி கடைசி அரை மணி நேரத்தின் சராசரி. எக்ஸ்பைரி அன்று பிற்பகல் 3.20 மணிக்குத் திரையில் ஒரு வேடிக்கை பார்த்தேன். நிஃப்டி மேலே துள்ளினால் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் பாதிகூடத் துள்ளவில்லை. அதில் தப்பு ஒன்றுமில்லை: அரை மணியில் இருபது நிமிடம் முடிந்துவிட்டது, சராசரியில் பெரும்பகுதி எழுதப்பட்டாகிவிட்டது, ஃபியூச்சர்ஸ் போய்ச் சேர வேண்டியது அந்தச் சராசரிக்குத்தான். என் வங்கிப் பங்கின் ஃபியூச்சர்ஸோ சராசரியைச் சட்டை செய்யவே இல்லை, ஸ்பாட் திரை விலையையே ஒட்டி நகர்ந்தது. பங்காகத் தீரும் ஒப்பந்தத்தில் அந்தச் சராசரி கணக்கில் இருபக்கமும் வந்து அடிபட்டுப் போகும். அது எப்படி என்று என் கணக்கிலேயே காட்டுகிறேன்.

என் பங்குக்கு அன்றைய தீர்வு விலை 427.85 என்று வந்தது. நான் விற்ற 403.20-இலிருந்து 24.65 உயர்வு, 1,500 பங்குக்கு 36,975. அந்த மாதம் முழுக்கத் தினத் தீர்வில் கழிந்தும் திரும்பியும் வந்ததன் மொத்தம் இது. பிறகு 1,500 பங்கு டீமேட்டிலிருந்து போயிற்று, 427.85 வீதம் 6,41,775 வந்தது. கட்டிய 36,975-ஐக் கழித்தால் 6,04,800. 1,500-ஆல் வகுத்தால் 403.20. தீர்வு விலை 300 ஆகவோ 500 ஆகவோ இருந்திருந்தாலும் இதே 403.20-தான் வந்திருக்கும். நவம்பர் 2 அன்று விற்ற விலை அன்றே பூட்டப்பட்டுவிட்டது.

எந்த விலையோடு சேர்கிறது என்பதை ஒப்பந்தம் சொல்கிறது, நம் திரை சொல்வதில்லை. 2020 ஏப்ரல் 20-ஐ நினைத்துக்கொண்டேன். எம்சிஎக்ஸ் பண்டச் சந்தையின் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் அன்று முடிகிறது. ஊரடங்கு காரணமாக இங்கே மாலை ஐந்து மணிக்கே வர்த்தகம் நின்றது, அப்போது விலை பேரலுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே. தீர்வு விலையோ நியூயார்க் சந்தையின் அன்றைய முடிவு விலை. அங்கே அது இரவில் மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. இங்கே ஒப்பந்தம் மைனஸ் 2,884 ரூபாயில் தீர்க்கப்பட்டது. வாங்கி வைத்திருந்தவர்கள் விற்க முடியாமல், மூடிய சந்தைக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

என் 4,800-க்கு வருகிறேன். பங்கு வாங்கியபோது பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 600, முத்திரை வரி 90. ஃபியூச்சர்ஸ் விற்றதற்கு எஸ்டிடி 76. டெலிவரியில் மறுபடி எஸ்டிடி 642. டெலிவரித் தீர்வுக்குத் தரகர் தனியாக 0.1 சதவீதம், 642, அதன்மேல் ஜிஎஸ்டி 115. சில்லறைக் கட்டணங்கள் அறுபது ரூபாய் அளவில். 2,225 போக மிச்சம் 2,575. ஏழேகால் லட்சம் 28 நாள் கட்டிப்போட்டதற்கு ஆண்டுக்கு நாலரை சதவீதம் சொச்சம், மைத்துனர் பணத்தைச் சேர்க்காமல். பக்கத்து வங்கியில் ஓராண்டு வைப்புநிதி அதைவிட மேல். அந்த 3.20-ஐச் சந்தை ஏன் விட்டு வைத்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது: என்னைப் போன்றவருடைய செலவுக்கு அது இடைவெளியே இல்லை. இந்த இடைவெளியையே தொழிலாகப் பிடிக்கும், செலவு குறைந்த ஆர்பிட்ராஜ் ஃபண்டுகளுக்குத்தான் அது காசு, அவர்களுடைய செலவு எங்கே முடிகிறதோ அதுவரைதான் இரண்டு விலையும் நெருக்கிப் பிடிக்கப்படும்.

இன்னொன்றும் பின்னால்தான் கவனித்தேன். எக்ஸ்பைரி அன்று 3.10 மணிக்கு ஸ்பாட் 427.60, ஃபியூச்சர்ஸ் 427.20. நாற்பது பைசா கீழே. ஃபியூச்சர்ஸ் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஆறு லட்சம் புரட்டவும் டெலிவரி வரி கட்டவும் மனமில்லை, வந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடம் நான் லாட்டை வாங்கி மூடிவிட்டுப் பங்கை ஸ்பாட்டில் விற்றிருந்தால் அந்த நாற்பது பைசாவில் 600 ரூபாய் கூடுதலாக வந்திருக்கும், தரகரின் டெலிவரிக் கட்டணம் 757 மிச்சம். பங்கை விற்ற எஸ்டிடி எப்படியும் உண்டு. பிளெட்ஜை எடுக்கும் ஓட்டம் மட்டும் அப்போதும் இருந்திருக்கும், அடகில் உள்ள பங்கைச் சிரமமில்லாமல் விற்க முடியுமா என்பது தரகருக்குத் தரகர் மாறும். 2025 செப்டம்பரிலிருந்து என்எஸ்இ எக்ஸ்பைரி மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கு வந்துவிட்டது. இப்போதெல்லாம் அதற்கு முந்தைய வியாழனே பிளெட்ஜை எடுத்துவிடுகிறேன்; சனி ஞாயிறு குறுக்கே வந்தாலும் திங்கள் காலை பங்கு கையில் இருக்கும்.