"நாங்களே பார்த்துக்கிறோம்": அண்ணியின் ஒரு மெசேஜும் என் நான்கு நாளும்

மாமனாருக்கு மூன்றாம் வருஷப் படையல். போன ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. அதற்கு முந்தைய செவ்வாய் முதல் வெள்ளி வரை நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட். தோட்டத்து ஆபீசில் எனக்குக் கிராணி வேலை. மாமியார் இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். பெரிய நாத்தனார் கோலகங்சாரில். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

படையலுக்குப் பத்து நாள் முன்னால் அண்ணி குடும்ப வாட்சாப் குழுவில் "யார் யார் என்ன செய்றீங்க, சொல்லுங்க லா" என்று கேட்டிருந்தார். அன்று எங்களுக்குச் சம்பள நாள். பார்த்தேன், நீல டிக் விழுந்தது, கணக்கு முடியட்டும் பிறகு சொல்லலாம் என்று விட்டேன், மறந்தே போனேன். எங்கள் பங்கு இருநூறு வெள்ளியை மட்டும் வீட்டுக்காரர் அன்று ராத்திரியே கொழுந்தனார் கணக்கில் போட்டுவிட்டார். சாமான் வாங்குவது கொழுந்தனார்தான். அதை அண்ணியிடம் யாரும் சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

செவ்வாய் சாயங்காலம் குழுவில் இது வந்தது:

"பரவாயில்லைங்க. எல்லாருக்கும் வேலை இருக்கும்தானே. அப்பாவுக்கு நாங்களே பார்த்துக்கிறோம். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க."

கடைசியில் கைகூப்பும் படம் ஒன்று.

முதல் தடவை படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்ல மனசு என்றுகூட நினைத்தேன். "சரிங்க அண்ணி, ரொம்ப நன்றி" என்று குழுவிலேயே பதில் போட்டு, நானும் ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மாமியாரிடமிருந்து குரல் செய்தி: "என்னம்மா, ஞாயித்துக்கெழம வரமாட்டியாமே?"

அப்போதுதான் மறுபடி படித்தேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக.

அண்ணி என்னை ஒரு நாளும் "நீங்க" என்றதில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக "நீ, வா, போ"தான். நம் வீடுகளில் மூத்தவர் சின்னவளை நீ என்பது உரிமை. அந்த உரிமையை எடுத்துவிட்டு மரியாதையைக் கொடுத்தால், எட்டி நில் என்று பொருள். சரி, குழுவில் எழுதியதால் எல்லாரையும் சேர்த்துப் பன்மையில் சொல்லியிருக்கலாமே என்று நானே அவருக்கு வக்காலத்து வாங்கினேன். ஆனால் குழுவில் எல்லாரும் பதில் போட்டிருந்தார்கள். போடாதவள் நான் ஒருத்திதான். "எல்லாருக்கும்" என்றது என்னைத்தான்.

அடுத்தது "நாங்களே". தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே. "நாம பார்த்துக்கலாம்" என்று எழுதியிருந்தால் நானும் அடுப்படியில் ஒருத்தி. "நாங்க" என்றதும் வாசலுக்கு வெளியே போய்விட்டேன். அதோடு ஓர் ஏகாரம் வேறு. பிரிநிலை ஏகாரம் என்று வாத்தியார் பிரம்போடு சொல்லிக் கொடுத்தது, முப்பது வருஷம் கழித்து வாட்சாப்பில் வந்து சுருக்கென்று குத்தியது. "அப்பாவுக்கு" என்ற சொல்லும் சும்மா வரவில்லை. வழக்கமாக "மாமாவுக்கு" என்றுதான் என்னிடம் சொல்வார். இப்போது அவர் அவர்களுடைய அப்பா, எனக்கு ஒன்றுமில்லை.

இதெல்லாம் நான் கற்பனை செய்வதா என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. அதனால் பழைய மெசேஜ்களை மேலே தள்ளிப் பார்த்தேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். சொல்லை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அந்த ஆள் வழக்கமாக எப்படி எழுதுவார் என்று பார்க்கவேண்டும். எங்கள் சின்ன மாமா எல்லாருக்கும் "சரிங்க" என்று ஒற்றைச் சொல்தான் போடுவார், அதில் ஒரு கோபமும் கிடையாது. அண்ணி அப்படியல்ல. பாதி நேரம் குரல் செய்தி. எழுதினால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், வரிக்கு ஒரு "லா". அன்றைக்கு முழுவதும் தமிழ் எழுத்து, புள்ளி வைத்து முடித்த வாக்கியங்கள், ஒரு "லா"கூட இல்லை. உட்கார்ந்து யோசித்து அடித்த மெசேஜ் அது.

புரிந்த பிறகாவது ஒழுங்காக நடந்தேனா என்றால், இல்லை.

அந்த மெசேஜைப் படம் எடுத்து என் தங்கைக்கு அனுப்பினேன். அவள் எண்ணெய் ஊற்றினாள். தப்பித்தவறி அது ஓரகத்திக்குப் போயிருந்தால் என் கதை முடிந்திருக்கும், எங்கள் ஊரில் ஒரு ஸ்கிரீன்ஷாட் தோட்டம் தாண்டிப் போக ஒரு பசியாறல் நேரம் போதும். அடுத்து வீட்டுக்காரரைத் தூது அனுப்பினேன். "அவ சம்பள வேலையா இருந்துட்டா அக்கா" என்று அவர் போன் போட்டாராம். "நான் ஒண்ணும் கேக்கலையே தம்பி" என்று பதில் வந்தது. தம்பியைப் பேசவைத்தது அண்ணிக்கு இன்னொரு குற்றமாகிவிட்டது.

புதன்கிழமை ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்ததும், நேரில் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கோலகங்சாருக்குக் காரை எடுத்தேன். சொல்லிவிட்டுப் போகவில்லை. கேட் பூட்டியிருந்தது. நாய் மட்டும் வரவேற்றது. பக்கத்து வீட்டு மாக்சிக், எல்லாரும் வெளியே போய்விட்டார்கள் என்றார். பழத்தை கேட்டில் மாட்டிவிட்டு, மழையில் திரும்பினேன். ராத்திரி ஒன்பது மணிக்குத் தனி மெசேஜ் வந்தது:

"வந்திருந்தீங்களாம். சொல்லியிருந்தா தண்ணியாவது கலக்கியிருப்போம்."

"ஆவது" என்ற மூன்றெழுத்தில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். எங்களிடம் எதையும் சொல்வதில்லை, நாங்கள் தண்ணி கலக்கத்தான் லாயக்கு, அதற்கும் வாய்ப்புக் கொடுக்கவில்லை. ஆனால் இந்த மெசேஜில்தான் எனக்கு வழி கிடைத்தது. "சொல்லியிருந்தா". இரண்டு மெசேஜுக்கும் அடியில் இருந்தது ஒரே குறைதான்: நீ என்னிடம் சொல்லவில்லை. வேலை செய்யவில்லை, பணம் தரவில்லை என்பதெல்லாம் மேல்பூச்சு.

அன்று ராத்திரியே நீளமாக எழுதினேன். "நான் பணம் அனுப்பியாச்சு, தெரியாம நீங்க பேசக்கூடாது" என்று தொடங்கி, "ஆனா நீங்களும் போன தீபாவளிக்கு" வரை போய்விட்டது. அனுப்பவில்லை, அழித்தேன். "ஆனா" என்ற சொல் வந்த இடத்திலேயே அது மன்னிப்பாக இல்லாமல் வழக்காகிவிட்டது. "கோவமா இருக்கீங்களா அண்ணி?" என்று கேட்கலாமா என்றும் யோசித்தேன். அதற்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு: "எனக்கென்ன கோவம்?" அப்படிச் சொல்லிவிட்டால் கதவு இன்னும் இறுக மூடிக்கொள்ளும்.

பதிலே போடாமல் தூங்குவதும் ஆபத்து, நீல டிக் தெரிந்துவிடும். அதனால் "பார்த்தேன் அண்ணி. நாளைக்கு வேலை முடிஞ்சு கூப்பிடுறேன்" என்று ஒரு வரி மட்டும் போட்டேன். சூட்டில் எதையாவது எழுதாமல் ஒரு நாள் வாங்கிக்கொள்ள அந்த ஒரு வரி போதும். மறுநாள் சொன்னபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இரண்டாம் முறை அடிக்கவில்லை, அடித்தால் துரத்துவதுபோல ஆகிவிடும். தனியாக அவருக்கு மட்டும் இதை எழுதினேன், குழுவில் இல்லை:

"அண்ணி, நீங்க கேட்டப்பவே நான் பதில் சொல்லியிருக்கணும், சொல்லல. நேத்து வந்தப்பவும் சொல்லிட்டு வரல. என் தப்பு. பங்கு இருநூறு சின்னத் தம்பிகிட்ட போட்டாச்சு, அதையும் உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். சனிக்கிழமை காலையிலேயே நான் ஃப்ரீ. வடைக்கு உளுந்து நான் பார்க்கவா, இல்ல காய் நறுக்க வரவா?"

இதற்கு முன் மூன்று தடவை அடித்து அழித்தேன். நான் ஒப்புக்கொண்டது சொல்லாமல் விட்டதை மட்டும்தான், செய்யாததை எல்லாம் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. பணத்தைச் சொன்னபோதும், அனுப்பிவிட்டேன் பார் என்ற தோரணை வராமல், உங்களிடம் முதலில் சொல்லியிருக்கவேண்டும் என்று திருப்பினேன். "நாங்களே", "ரெஸ்ட்", கைகூப்பும் படம், எதையும் தொடவில்லை. குத்தலை எடுத்து மேஜையில் வைத்தால் அவர் அதைக் காப்பாற்றப் பேசவேண்டி வரும். கடைசியில் "என்ன செய்யட்டும்?" என்று பொதுவாகக் கேட்டிருந்தால் "ஒண்ணும் வேணாங்க" என்று முடித்திருப்பார். உளுந்தா, காயா என்று கேட்டதால் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை பதில் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. மூன்று மணிக்கு இங்கிலீஷ் எழுத்தில் வந்தது: "உளுந்து ரெண்டு கிலோ. ராத்திரியே ஊறப்போடு, போன வருஷம் மாதிரி காலைல போடாத லா."

"ஊறப்போடு." "போடாத." "லா." ஆபீசில் சத்தம் போட்டே சிரித்துவிட்டேன், மேனேஜர் எட்டிப் பார்த்தார். போன வருஷத்துக் குறையை இழுத்ததுகூட இனித்தது, நேராகத் திட்டுகிறாரே!

ஒன்று சொல்லவேண்டும். இது என் பக்கமும் ஒரு தவறு இருந்ததால் பலித்தது. தவறே செய்யாதவளைக் குழுவில் வைத்து மாதாமாதம் ஜாடை பேசும் உறவு என்றால், இப்படி மன்னிப்பு எழுதிப் பழக்கிவிடாதீர்கள். என் சித்தி மகள் அப்படி எழுதி எழுதி, இப்போது அவள் வீட்டில் மழை பெய்தாலும் அவள்தான் காரணம். அவள் இப்போது ஜாடைக்குப் பதிலே சொல்வதில்லை, பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் பதில் சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை படையல் முடிந்து இலை போட்டோம். அண்ணி வடையைக் கடித்துவிட்டு, எல்லார் முன்னாலும், "உப்பு கம்மி லா" என்றார். இதில் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நின்றேன். நானும் ஒன்று எடுத்துத் தின்று பார்த்தேன். கம்மிதான்.