நாளை மணக்கோலம் பூணும் மகளுக்கு, குடும்ப நல ஆலோசகராகப் பணியாற்றும் அம்மா எழுதுவது

அன்பு மகளே,

நாளை உன்னிடம் பலரும் பொறுமையாக இரு என்று சொல்வார்கள். எப்படி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பல ஆண்டுகளாகக் கணவன் மனைவி சண்டைகளை எதிரே உட்கார்ந்து கேட்டுச் சம்பளம் வாங்குபவள் என்பதால், அந்த 'எப்படி'யை எழுதவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அன்பைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் உங்கள் இருவருக்கும் அதில் குறைவில்லை என்பதால் பொறுமையில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

என்னிடம் வந்த ஒரு தம்பதியைச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் தன் தம்பிக்கு அவ்வப்போது பணம் அனுப்புவார். மனைவிக்கு அது பின்னால்தான் தெரியவரும். "ஏன் சொல்லவில்லை?" என்று தொடங்குவார். பதில் வராது. "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்பார். கணவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குவார். மனைவியின் குரல் உயரும். கணவர் வெளியே போய்விடுவார். "இவரைப் பொறுத்துப் பொறுத்து நான் கல்லாகிவிட்டேன்" என்றார் மனைவி. "நான் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லாமல் பொறுமையாகத்தான் இருக்கிறேன்" என்றார் கணவர். இருவருமே தம்மைத்தான் பொறுமைசாலி என்று நம்பினார்கள்! ஒருவர் துரத்த மற்றவர் ஒதுங்குவது எங்கள் தொழிலில் மிகவும் பழக்கமான நடனம். துரத்துவது எப்போதும் மனைவிதான் என்று நினைத்துவிடாதே. மாறியும் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

என் மேசையில் விரல் நுனியில் மாட்டி நாடித்துடிப்பைப் பார்க்கும் சிறிய கருவி ஒன்று இருக்கும். முதலில் இருவரும் அமைதியாக இருக்கும்போது அளந்து குறித்துக்கொண்டேன். ஓய்வு நிலைத் துடிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் இது அவசியம். பிறகு தம்பி விஷயத்தைப் பேசச் சொன்னேன். சில நிமிடங்களில் கணவர் வழக்கம்போல் தரையைப் பார்த்து அமைதியானார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கருவி 108 காட்டியது. அமைதியாக இருந்தபோது 74 காட்டிய அதே மனிதர். மனைவி அந்த எண்ணைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். இத்தனை நாளும் அந்த மௌனத்தை அவர் அலட்சியம் என்றே எண்ணியிருந்தார்.

இந்த வழக்கம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளை ஆராய்ந்த ஜான் காட்மன் வழி வந்தது. அவரும் ராபர்ட் லெவன்சனும் தம்பதிகளின் உடலில் கருவிகளைப் பொருத்தி, வாக்குவாதத்தின்போது இதயத்துடிப்பு, வியர்வை போன்றவற்றைப் பதிவுசெய்தார்கள். துடிப்பு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், உள்ளே போகாது. உடல் அடிதடிக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிட்ட நிலை அது. அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல விளக்கத்தைச் சொன்னாலும் வீண். காட்மனை நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பவள் அல்ல. யார் பிரிவார்கள் என்று தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் முன்கூட்டியே சொல்லலாம் என்று அவர் ஆய்வைக் காட்டிப் பேசுவார்கள். முடிவு தெரிந்த பிறகு பொருத்திப் பார்த்த கணக்குக்கு அத்தனை மரியாதை தரக்கூடாது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் இந்த நாடித்துடிப்பு விஷயத்தை என் அறையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பொறுமையின் முதல் வேலை உடலைக் கவனிப்பது. உனக்குக் கருவி வேண்டாம். காது சூடாகும், தாடை இறுகும், ஒரே வாக்கியத்தை இரண்டாம் முறை இன்னும் உரக்கச் சொல்வாய். சிறு வயதிலிருந்தே உனக்கு இந்த மூன்றும் வரும், எனக்குத் தெரியும். அப்போது பேச்சை நிறுத்தவேண்டும். ஆனால் நிறுத்தும் விதம் இருக்கிறதே, அதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

அந்தத் தம்பதிக்கும் இதைச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் மனைவி முன்பைவிடக் கோபமாக வந்தார். கணவர் "கொஞ்சம் நேரம் கொடு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாராம். திரும்பி வராத இடைவேளை, பாதியில் விட்டுப்போனதற்குச் சமம். விடப்பட்டவரின் துடிப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஒரு விதியைச் சேர்த்தோம். இடைவேளை கேட்பவர் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லவேண்டும், அந்த மணிக்கு அவரே வந்து பேச்சைத் தொடங்கவேண்டும். இருபது நிமிடத்துக்குக் குறையக்கூடாது, ஏனென்றால் கிளர்ந்த உடல் அடங்க அவ்வளவாவது ஆகும். மறுநாளுக்குத் தள்ளவும் கூடாது.

அதற்கடுத்த வாரம் கணவர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். இம்முறை மனைவிக்கு அடங்கவில்லை. விசாரித்தால், அந்த நேரம் முழுவதும் அக்காவுக்கு போன் செய்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். வாயால் மறுபடி சண்டை போட்டால் உடலுக்கு அது புதுச் சண்டைதான். மனதுக்குள் வசனம் தயாரித்தாலும் அப்படியே. நடக்கலாம், துணி மடிக்கலாம், குளிக்கலாம், பிடித்த எதையாவது படிக்கலாம். வழக்குக்குச் சான்று தேடுவதை மட்டும் செய்யக்கூடாது. உன் அக்காவுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன், உன் போனை எடுக்கப்போவது அவள்தானே!

திரும்பி வந்த பிறகு வாயைத் திறக்கும் முதல் வாக்கியம் முக்கியம். காட்மனும் சக ஆய்வாளர் ஒருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக மணமான 124 தம்பதிகளின் கால் மணி நேர வாக்குவாதத்தில் முதல் மூன்று நிமிடங்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த ஆறு ஆண்டுகளில் பிரிந்தவர்களின் தொடக்கம், சேர்ந்து வாழ்ந்தவர்களின் தொடக்கத்தைவிடக் கடுமையாக இருந்தது. அந்த மனைவியின் வழக்கமான முதல் வாக்கியம், "உங்களுக்கு உங்கள் குடும்பம்தான் பெரிது." இது கணவரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. தீர்ப்புக்கு மேல்முறையீடுதான் செய்வார்கள், மன்னிப்புக் கேட்கமாட்டார்கள். பலமுறை அடித்து எழுதிக் கடைசியில் அவர் இப்படிச் சொன்னார்: "தம்பிக்குப் பணம் அனுப்பியது எனக்கு வங்கிக் கணக்கைப் பார்த்துத்தான் தெரிந்தது. இந்த வீட்டில் நான் வேற்றாள் போல இருந்தது. அடுத்தமுறை அனுப்பும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்." நடந்தது என்ன, எனக்கு எப்படி இருந்தது, எனக்கு என்ன வேண்டும் என்பவை அதில் இருக்கின்றன, நீ எப்படிப்பட்டவன் என்பது இல்லை. கணவர் தரையைப் பார்க்கவில்லை. "சொன்னால் வேண்டாம் என்பாயோ என்று பயந்தேன்" என்றார். அவ்வளவு நாளில் அவர் சொன்ன முதல் உண்மையான பதில் அது.

அவர்கள் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்பாய். இல்லை. தம்பி இன்னும் பணம் கேட்கிறார், மனைவிக்கு இன்னும் அது பிடிக்கவில்லை. ஒரு தொகைவரை கேட்காமல் அனுப்பலாம், அதற்கு மேல் பேசிவிட்டு அனுப்பவேண்டும் என்று முடிவுசெய்துகொண்டார்கள். அந்தத் தொகை எது என்று அவ்வப்போது சண்டை வருகிறது. தம்பதிகளின் சச்சரவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படித் தீராமலே தொடர்பவை என்று காட்மன் எழுதியிருக்கிறார். குணத்திலும் வளர்ப்பிலும் வேரூன்றியவை அவை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நீ எதையும் உடனே முடிவுசெய்வாய். அவர் இரண்டு நாள் யோசிப்பார். திருமணத்துக்குப் பிறகு அவர் மாறிவிடுவார் என்று காத்திருக்காதே. அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் கடைசியில் ஏமாற்றப்பட்டவர்களைப் போல என் அறைக்கு வருகிறார்கள். மறுபக்கத்தில் இருப்பவரோ இவர் காத்திருந்ததே தெரியாமல் விழிப்பார்.

அன்பைப் பற்றி ஒன்று மட்டும். என்னிடம் வருபவர்களிடம் "உங்களுக்குள் அன்பு இருக்கிறதா?" என்று நான் கேட்பதில்லை. எல்லாரும் ஆம் என்பார்கள். "நேற்று அவர் உங்களிடம் சொன்ன சாதாரண விஷயம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்பேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்ததைச் சொல்வது, அலுவலகத்தில் நடந்த வேடிக்கையைச் சொல்வது, காரணமில்லாமல் பெயரைச் சொல்வது எல்லாமே 'என்னைக் கொஞ்சம் கவனி' என்று கூப்பிடுவதுதான். திரும்பிப் பார்த்து "ம், அப்புறம்?" என்றாலே போதும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இருவருமே திணறினால், சண்டையே இல்லாத வீடாக இருந்தாலும் எனக்குக் கவலை வந்துவிடும். கத்திக்கொண்டே வரும் தம்பதிகளைவிட மரியாதையாக, வேற்றாட்களைப் போல வரும் தம்பதிகளோடு வேலை செய்வது கடினம்.

இதுவரை எழுதியதெல்லாம் இருவரும் ஒருவருக்கொருவர் பயப்படாத வீட்டுக்கு மட்டுமே. பயம் இருக்கும் இடத்தில் இவை எதுவும் பொருந்தாது. அதனால்தான் நாங்கள் ஆரம்பத்திலேயே இருவரையும் தனித்தனியாகச் சந்திக்கிறோம். ஒருவர் பதில் சொல்லும் முன் மற்றவரின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாரா, வெளியே போக, போன் பேச, சொந்தச் சம்பளத்தைத் தொட அனுமதி கேட்கவேண்டியிருக்கிறதா, அடி விழுந்திருக்கிறதா என்று கவனிப்போம். அப்படியிருந்தால் சேர்த்து உட்காரவைத்துப் பேசமாட்டோம். அறையில் மனம்விட்டுச் சொன்னதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும் என்பதே காரணம். அத்தகையவருக்கு இதமாகப் பேச்சைத் தொடங்கச் சொல்லிக்கொடுப்பது அவர்மேலேயே பழியைப் போடுவதாகும். அவருக்கு முதலில் தேவை பாதுகாப்பு. மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லை என்பது என் கணிப்பு. ஆனாலும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் "அம்மா பொறுமையாக இருக்கச் சொன்னாள்" என்று வாயை மூடிக்கொண்டிருந்த பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். நான் உன்னை அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அப்படியொரு நாள் வந்தால் நேரம் பார்க்காமல் என்னிடம் வா.

மற்றபடி சாதாரணச் சண்டைகளுக்கு என்னிடம் வராதே. சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுக்கம். தவிர, நீ சொல்வதைக் கேட்டால் நான் உன் பக்கம்தான் சாய்வேன், மாப்பிள்ளைக்கு அது நியாயமாகாது. என்னோடு வேலை செய்யும் ஒருவரின் எண்ணை உன் கைப்பேசியில் சேர்த்துவைத்திருக்கிறேன். இருவருமாகப் போங்கள். நீங்கள் வந்ததை அவர் எனக்குச் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா